வராத ஐந்து பேருக்கு

வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, தலைமையாசிரியை ரோஹிணி டீச்சர் எழில்மொழியை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

"எழில், ஒரு வேலை இருக்கு. இன்னைக்கு வராத அஞ்சு பேருக்கும் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்துடுங்க. திங்கட்கிழமையே எல்லாம் மாறுது. அவங்களுக்குத் தெரியாம இருக்கக் கூடாது."

எழில்மொழி அரசமங்கலம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி. அவள் மகன் ஆறாம் வகுப்பில் படிக்கிறான். கணவன் சதீஷ் குவைத்தில். வீட்டு முன்னறையில் தையல் கடை. பெற்றோரில் ஒரு பெண்தான் தலைவியாக இருக்க வேண்டும் என்றபோது, "எழிலு வீட்டோட இருக்கிற பொண்ணுதானே" என்று யாரோ சொல்ல, அப்படியே ஆகிப்போனாள்.

"நீங்களே வாட்ஸாப்புல போட்டுட்டா என்ன டீச்சர்?"

"அஞ்சு பேர்ல மூணு பேர்கிட்ட டச் போன் கிடையாது. தீர்மானப் பதிவேடு மூணு பக்கம் இருக்கு. அதை அப்படியே கொடுத்தா யாரும் படிக்க மாட்டாங்க. அவங்களைத் தொடுற முடிவு மட்டும் எழுதுங்க. என்ன முடிவாச்சு, அதனால அவங்க என்ன செய்யணும், எப்ப. யாரு என்ன பேசினாங்கங்கிறது வேணாம். அரைப் பக்கம் போதும்."

எழில்மொழி பதிவேட்டின் மூன்று பக்கங்களையும் போனில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அரை மணி நேர வேலை என்றுதான் நினைத்தாள். முகூர்த்த ஜாக்கெட் ஒன்று கொக்கி வைக்காமல் காத்திருந்தது.

கூட்டம் போட்டதற்குக் காரணம் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை, பிள்ளைகள் வழிபாட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தபோது, பழைய ஓட்டுக் கட்டடத்தில் ஒரு மரச்சட்டம் முறிந்து ஓடுகள் இரண்டாம் வகுப்பு பெஞ்சுமேல் கொட்டிவிட்டன. பத்து நிமிடம் கழித்து விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊரில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பொறியாளர் வந்து பார்த்து, கட்டடத்தை இடிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தப் பயத்தில்தான் இருபத்துநாலு உறுப்பினர்களில் பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். வராத ஐந்து பேரும் கிழக்குத் தெருப் பெண்கள், ஒன்றாக நடவுக்குப் போகும் ஒரே செட்டு. குறுவை நடவு. விடிகாலையில் லோடு ஆட்டோ ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவார்கள். கூட்டம் மூன்று மணிக்கு.

மெஷின் மேஜையிலேயே நோட்டை வைத்து எழுத உட்கார்ந்தாள். முதலில் எழுதியது ஒன்றரைப் பக்கம் ஓடிவிட்டது. கழிவறைத் தொட்டி, சுண்ணாம்பு அடிப்பது, நூலகத்துக்கு அலமாரி, யார் எதை எதிர்த்தார், யார் நன்றி சொன்னார். படித்துப் பார்த்தால் அவளுக்கே கண் வேறெங்கோ போனது. கலைமகள் அக்கா இதை எங்கே படிக்கப்போகிறாள்.

ஒன்பது தீர்மானங்களையும் வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் 'இது அந்த ஐந்து பேரை என்ன செய்யும்?' என்று கேட்டுக்கொண்டே அடித்தாள். தொட்டி, ஒன்றும் செய்யாது. சுண்ணாம்பு, ஒன்றும் இல்லை. அலமாரி, இல்லை. அடிக்க அடிக்க மூன்றுதான் மிஞ்சின.

ஒன்று: ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் திங்கள் முதல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சமுதாயக் கூடத்தில் நடக்கும்.

இரண்டு: இடிக்கும் வேலை நடக்கும்வரை பள்ளியின் பின்வாசல் மூடப்படும்.

மூன்று: பிள்ளைகள் ரோட்டைக் கடக்கும்போது கூட நிற்க, நாளுக்கு ஒரு பெற்றோர். திங்கள் கலைமகள், செவ்வாய் மதிவதனி, புதன் பூர்ணிமா, வியாழன் செங்கமலம், வெள்ளி பொன்னி.

பேனா அங்கே நின்றது.

கூட்டத்தில் இது ஆறாவதாக வந்தது. நாலு மணி. டீ வந்துவிட்டது. "ரோட்டுல யாரு நிக்கிறது?" என்று டீச்சர் கேட்டபோது எல்லோரும் டம்ளரைப் பார்த்தார்கள், போனைப் பார்த்தார்கள். முன்னாள் மாணவர் என்று குழுவில் இருக்கும் அமிர்தலிங்கம்தான் பேசினார். "அந்த மூணு வகுப்புலயும் பாதிப் பிள்ளைங்க கிழக்குத் தெருதான். அவங்க அம்மாமாரே நின்னா என்ன? அஞ்சு நாளு, அஞ்சு பேரு. சரியா இருக்கு." நல்ல யோசனைதான் என்பதுபோல ஒரு முணுமுணுப்பு. கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். ஜாக்கெட் கொக்கியை நினைத்துக்கொண்டே அவளும் தூக்கினாள்.

இப்போது மற்ற ஆறையும் அடித்துவிட்டு இந்த மூன்றை மட்டும் பெயர் பெயராகப் பார்த்தாள். வந்த பத்தொன்பது பேரில் ஒருவர் பெயர்கூட அந்தப் பட்டியலில் இல்லை. பின்வாசல் மூடினால் சுற்றிவரப் போவதும் கிழக்குத் தெருப் பிள்ளைகள்தான். ஒன்பது தீர்மானத்தில் பாரம் என்று இருந்ததெல்லாம் வராதவர்கள் தலையில் இறங்கியிருந்தது. மூன்று பக்கமாக இருந்தபோது அது தெரியவில்லை.

அவள் எழுந்து தண்ணீர் குடித்தாள். வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். பதிவேட்டுப் படத்தைப் பெரிதாக்கி மறுபடி படித்தாள். பின்வாசலைத் திங்களே மூடுவார்கள் என்று அவள் எழுதியிருந்தாள். பதிவேட்டில் புதன் என்று இருந்தது. திங்கள் என்று யாரோ பேசியதுதான் அவள் காதில் நின்றிருக்கிறது. முடிவானது புதன். அடித்துத் திருத்தினாள். இன்னும் எதையெல்லாம் தப்பாக வைத்திருக்கிறோமோ என்று பயம் வந்தது.

மூன்றாவதாக எழுதிய தீர்மானத்தில் நேரமே இல்லை. 'சாலையைக் கடக்கும்போது பாதுகாப்பாக நிற்பது' என்று மட்டும் இருந்தது. டீச்சருக்குப் போன் போட்டாள். டீச்சர் தஞ்சாவூர் பஸ்ஸில் இருந்தார். ஹாரன் சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"டீச்சர், ரோட்டுல நிக்கிறது காலையில மட்டுமா?"

"இல்லம்மா. காலை டிபன் சாப்பிட்டுட்டு ஒம்போது மணிக்கு அந்தப் பக்கம் போகணும். பன்னண்டரைக்குச் சத்துணவுக்கு இந்தப் பக்கம் வரணும். ஒன்னேகாலுக்குத் திரும்பப் போகணும். சாயங்காலம் நாலு பத்துக்கு விடணும்."

"நாலு தடவை."

"ஆமா."

"அப்ப அன்னைக்கு முழுக்க வயலுக்குப் போக முடியாது."

டீச்சர், "முடியாதுதான்" என்றார்.

"நாம யாரும் அதைக் கேக்கவே இல்லியே டீச்சர். நான் இதைக் குறிப்புல எப்படி எழுதறது? மாத்தி எழுதிடவா?"

"கூடாது. தீர்மானத்தை நானோ நீங்களோ குறிப்புல மாத்த முடியாது. முடிவானதுதான் போகணும்." பிறகு அவரே, "ஆனா நாலு நேரத்தையும் எழுதுங்க. அது அவங்க தெரிஞ்சுக்க வேண்டியது. முடியாதுன்னா யார்கிட்ட, எப்பக்குள்ள சொல்லணும்னும் எழுதுங்க. ஞாயிறு மதியத்துக்குள்ள என்கிட்ட சொல்லட்டும்" என்றார். போனை வைக்கும் முன், "நான்தானே அந்தப் பேரையெல்லாம் பதிவேட்டுல எழுதினேன்... கையெழுத்து அழகா இருக்கான்னு பார்த்தேனே ஒழிய..." என்று ஏதோ சொன்னார். மீதி கேட்கவில்லை.

வெயில் இறங்கும் நேரத்தில் அமிர்தலிங்கம் வாசலில் வண்டியை நிறுத்தினார். அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி மூன்றாம் வகுப்பு. சட்டைக்கு பட்டன் வைக்கக் கொடுத்திருந்தார். அதை வாங்க வந்தவர் மேஜையில் இருந்த நோட்டைப் பார்த்துவிட்டார்.

"அந்த அஞ்சு பேருக்கா? காட்டு."

படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இவ்ளோ வெளிச்சமா எழுதணுமா எழிலு? நாளு, பேரு, நாலு நேரம். படிச்ச உடனே சண்டைக்கு வருவாங்க."

"இதுதானே மாமா முடிவு."

"முடிவுதான். இல்லைங்கல. 'பிள்ளைகளின் பாதுகாப்புப் பணியில் உறுப்பினர்கள் ஒத்துழைப்பு நல்க வேண்டும்'னு போடு. அதுவும் பொய் இல்லையே? திங்கக்கிழமை நேர்ல பார்த்துப் பக்குவமாச் சொல்லிக்கலாம்."

"திங்கக்கிழமை காலையில ஆறு மணிக்கு அவங்க ஆட்டோ ஏறிடுவாங்க மாமா. ஒம்போது மணிக்கு ரோட்டுல யாரு இருப்பா?"

அவர் சட்டையை வாங்கி, பட்டனை இழுத்து இழுத்துப் பார்த்தார். "நான் கெட்டதுக்குச் சொல்லலம்மா. இதைச் சாக்கா வெச்சு இடம் மாத்துறது தள்ளிப்போச்சுன்னா, அந்தக் கட்டடத்துக்குள்ளயேதானே பிள்ளைங்க உக்காரணும்? செவ்வாக்கிழமையிலிருந்து எனக்குத் தூக்கமே சரியா இல்ல. ஓடு விழுந்த பெஞ்சுக்கு அடுத்த ரூம்தான் என் பேத்தி."

அதில் பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனாலேயே இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் போன பிறகு, அவர் சொன்ன மாதிரியே ஒரு தாளில் எழுதிப் பார்த்தாள். 'ஒத்துழைப்பு நல்க வேண்டும்.' கலைமகள் அக்கா இதைப் படித்தால் என்ன செய்வாள்? சரி என்று தலையாட்டிவிட்டு வயலுக்குப் போவாள். என்ன செய்ய வேண்டும் என்று அதில் எதுவும் இல்லை. தாளைக் கசக்கிப் போட்டாள்.

இன்னொரு தாளில், அமிர்தலிங்கம் கூட்டத்தில் சொன்னதை அப்படியே எழுதிவிடலாமா என்றும் தோன்றியது. 'அவங்க அம்மாமாரே நின்னா என்ன?' அதை எழுதிவிட்டால் அவள் தப்பித்துவிடலாம். கோபம் முழுக்க அவர்மேல் போய்விடும். நாலு வார்த்தை எழுதியவள் நிறுத்தினாள். அவர் பேசினார், அவ்வளவுதான். அதை முடிவாக்கியது பத்தொன்பது கை. அந்தத் தாளும் கூடைக்குப் போனது.

சனிக்கிழமை விடிவதற்குள் எழுந்து ஐந்து தாளில் கையாலேயே எழுதினாள். ஐந்திலும் ஒன்றுதான். ஒவ்வொருவர் தாளிலும் அவரவர் நாளுக்கு மட்டும் அடிக்கோடு.

*பள்ளி மேலாண்மைக் குழு, ஜூன் 27 வெள்ளிக் கூட்டம். வர இயலாத உறுப்பினர்களுக்கு. உங்களைப் பாதிக்கும் முடிவுகள் மட்டும்:*

*1. திங்கள் (ஜூன் 30) முதல் 1, 2, 3ஆம் வகுப்புகள் சமுதாயக் கூடத்தில். காலை உணவும் மதிய உணவும் பள்ளியிலேயே.*

*2. புதன் (ஜூலை 2) முதல் பள்ளியின் பின்வாசல் மூடப்படும். கிழக்குத் தெருப் பிள்ளைகள் ரோடு வழியாக முன்வாசலுக்கு வர வேண்டும். இடித்து முடியும்வரை.*

*3. பிள்ளைகள் ரோட்டைக் கடக்கும்போது உடன் நிற்க உங்கள் ஐவர் பெயரும் போடப்பட்டுள்ளது. திங்கள் கலைமகள், செவ்வாய் மதிவதனி, புதன் பூர்ணிமா, வியாழன் செங்கமலம், வெள்ளி பொன்னி. நேரம்: காலை 9, மதியம் 12.30, 1.15, மாலை 4.10. நான்கு நேரமும் இருக்க வேண்டும்.*

*இயலாது என்றாலோ மாற்று யோசனை இருந்தாலோ ஞாயிறு மதியம் 12க்குள் தலைமையாசிரியையிடம் சொல்லவும். மற்ற தீர்மானங்கள் பதிவேட்டில் உள்ளன, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.*

*எழில்மொழி, தலைவி.*

அரைப் பக்கத்துக்குக் கொஞ்சம் மேலே போயிருந்தது. எதையும் எடுக்க முடியவில்லை.

தெருவில் போய்க் கொடுக்கலாம் என்றால் அவர்கள் இருக்க மாட்டார்கள். எங்கே நடவு என்று விசாரித்துக்கொண்டு, திருக்காட்டுப்பள்ளி போகும் வழியில் வாய்க்கால் கரையோரம் ஸ்கூட்டியை நிறுத்தினாள். பன்னிரண்டு பெண்கள் குனிந்து, ஒரே வரிசையாகப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். கலைமகள் அவளைப் பார்த்துவிட்டாள். நாற்பது வயது இருக்கும். அந்தச் செட்டுக்கு ஆள் சேர்ப்பது, வயல் பேசுவது எல்லாம் அவள்தான்.

"என்ன எழிலு, இங்க வந்திருக்க? பிள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்லக்கா. நேத்துக் கூட்டத்துக்கு நீங்க வரல. அதான் முடிவையெல்லாம் எழுதிக் கொண்டாந்தேன்."

"டீ வர்ற நேரந்தான். இரு."

வரப்பில் ஏறி, வாய்க்காலில் கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். எழில்மொழி ஐந்து தாளையும் நீட்டினாள். மற்றவர்களின் கை ஈரமாக இருந்தது. மதிவதனி மட்டும் தலைத்துண்டில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கி, சத்தமாகப் படித்தாள். அவள் பத்தாவது முடித்தவள். தயங்காமல் படித்தாள். மூன்றாவதுக்கு வந்ததும் குரல் மெதுவானது. தன் பெயரைத் தானே படித்தபோது ஒரு விநாடி நின்றாள். நாலு நேரத்தையும் படித்து முடித்தாள்.

டீ தூக்கை யாரோ திறந்தார்கள்.

"யாரு எங்க பேரைச் சொன்னது?" கலைமகள் கேட்டாள்.

"யாரு முதல்ல சொன்னா என்னக்கா. பத்தொம்போது பேரும் கை தூக்கினோம்."

"நீ?"

"நானும்தான்."

கலைமகள் அவளையே பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. "நாங்க வயலுக்குப் போறது உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் தூக்கின."

"யோசிக்கலக்கா. எழுத உக்காந்தப்பதான்..."

"சரி விடு." கலைமகள் டீயை வாங்கி ஒரு வாய் குடித்தாள். "இருபது நாளைக்கு வயலு பேசியாச்சு. பன்னண்டு ஆளுன்னு சொல்லித்தான் பேசினேன். நாளுக்கு ஒருத்தி நின்னாக்கூட வரிசை பிந்தும், வயலுக்காரரு நாளைக்கு வேற செட்டைக் கூப்பிட்டுக்குவாரு. பிள்ளைங்களுக்கு நிக்க மாட்டோம்னு சொல்லல. எங்க பிள்ளைங்க. ஆனா இந்த இருபது நாளு முடியாது."

பூர்ணிமா வேகமாக, "முடியாதுன்னு எழுதிக் கொடுத்துட்டா, பாருங்க, பெத்தவங்களுக்கே அக்கறை இல்லைம்பாங்க" என்றாள்.

"சொல்லுவாங்க" என்றாள் செங்கமலம்.

அடுத்துப் பொன்னி பேசினாள். அவள் மகள் ஒன்றாம் வகுப்பு. "அது என்ன, மத்தியானம் பசியோட ரோட்டைத் தாண்டி வந்து, தின்னுட்டு, திரும்பத் தாண்டிப் போறது?" என்றாள். "சோத்தை அந்தப் பக்கம் தூக்கிட்டுப் போனா என்ன? நாப்பது பிள்ளை சோறு ரெண்டு பாத்திரம் வருமா? பெரியவங்க ரெண்டு பேரு தாண்டினா போதும். பிள்ளைங்க எதுக்குத் தாண்டணும்?"

எழில்மொழி அவளைத் திரும்பிப் பார்த்தாள். பத்தொன்பது பேர் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். இது ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அதை எழுது மதி" என்றாள் கலைமகள்.

தாளின் பின்புறத்தில் மதிவதனி எழுதினாள். நடவு முடியும்வரை, அதாவது ஜூலை இருபதுவரை, தங்களால் நிற்க இயலாது. அதற்குப் பிறகு காலையும் மாலையும் முறைவைத்து நிற்போம். மதிய உணவைக் கூடத்துக்கே கொண்டுபோனால் பிள்ளைகள் இரண்டு முறை கடக்க வேண்டியிருக்காது. ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தாளில் சேற்றுக் கறை பட்டுவிட்டது.

"ஒரு நிமிஷம்" என்று கலைமகள் தடுத்தாள். "எங்களைக் கேக்காம எங்க பேரைப் போடக் கூடாதுன்னும் எழுதலாமா?"

மதிவதனி எழில்மொழியைப் பார்த்தாள். எழில்மொழி, "எழுதுங்கக்கா" என்றாள்.

கலைமகள் யோசித்தாள். "வேணாம். அதை வாயாலயே சொல்லிக்கிறேன்."

ரோஹிணி டீச்சர் அந்தத் தாளை அன்றே பார்த்துவிட்டு, ஞாயிறு மூன்று மணிக்கு அவசரக் கூட்டம் என்று எல்லோருக்கும் தானே போன் செய்தார். சத்துணவு அமைப்பாளரிடமும் பேசினார். மூடிபோட்ட பாத்திரம் இருக்கிறது, சமையல் உதவியாளர்கள் இரண்டு பேர் கொண்டுபோய்ப் பரிமாறலாம், கூடத்தில் கைகழுவத் தண்ணீர் மட்டும் வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் முழுக்க எழில்மொழிக்கு மெஷினில் கால் நிற்கவில்லை. முகூர்த்த ஜாக்கெட்டில் ஒரு கையைத் திருப்பித் தைத்துவிட்டு மறுபடி பிரித்தாள். பாதிப் பேராவது வர வேண்டுமே, இல்லையென்றால் கூட்டமே செல்லாதே என்று இருந்தது.

பதினாறு பேர் வந்தார்கள். அந்த ஐந்து பேரும் வயலிலிருந்து அரை நாளில் கிளம்பி, குளித்து, வேறு சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

டீச்சர் பழைய தீர்மானத்தையும் பதிலையும் படித்தார். அமிர்தலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். எதிர்ப்பார் என்று எழில்மொழி எதிர்பார்த்திருந்தாள். சோறு யோசனை வந்ததும் அவர் முகம் மாறியது. "இது நல்லாருக்கே" என்றார். "நாலு தடவைன்னு எனக்கும் அந்தத் தாளைப் பார்த்தப்பதான் உறைச்சுது. திங்களும் செவ்வாயும் நான் நிக்கிறேன். பேத்தியைக் கொண்டுவிடத்தான் வர்றேனே."

வியாழனுக்கும் வெள்ளிக்கும் ஆள் கிடைத்தார்கள். புதனுக்கு மட்டும் ஆள் இல்லை. மறுபடி எல்லோரும் கீழே பார்க்க ஆரம்பித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர், "உரக்கடை ஹரிசங்கர் வரலையே. கடை ரோட்டுமேலதானே இருக்கு. புதன் அவருக்குப் போட்டுருங்க" என்றார்.

இரண்டு மூன்று பேர் தலையாட்டிவிட்டார்கள். டீச்சர் பேனாவைக்கூடத் திறந்தார்.

"வராதவங்க பேரை எழுதாதீங்க டீச்சர்" என்றாள் கலைமகள். எழுந்து நின்றிருந்தாள். "அவரைக் கேட்டுட்டு எழுதுங்க. எங்க பேரை எழுதினது போதும்."

டீச்சர் பேனாவை மூடினார்.

"புதன் நான் நிக்கிறேன்" என்றாள் எழில்மொழி. "என் மெஷின் எங்கேயும் ஓடிப்போகாது."

திருத்திய தீர்மானம் பதிவேட்டில் ஏறியது. கூடத்தில் தண்ணீர் டிரம் வைப்பதும் சேர்ந்தது. ஜூலை இருபத்தொன்று முதல் கிழக்குத் தெருவின் முறை. பின்வாசலை மட்டும் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இடிக்கிற பக்கம் அதுதான். பூர்ணிமாவுக்கு அதில் மனத்தாங்கல் தீரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு முதலில் எழுந்து போனவள் அவள்தான்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கலைமகளிடம் எழில்மொழி போய் நின்றாள்.

கலைமகளே பேசினாள். "அந்தக் காகிதம் நல்லாத்தான் எழுதியிருந்த எழிலு. மதி ரெண்டு நிமிசத்துல படிச்சிட்டா. எனக்கே புரிஞ்சுது." இன்னொரு செருப்பையும் மாட்டினாள். "அதை வெள்ளிக்கிழமை கை தூக்குறதுக்கு முன்னாடி வாயால சொல்லியிருக்கலாம்."

"ஆமாக்கா."

"சரி. நாளைக்குப் பார்த்துக்கங்க. பொன்னி மக கையை உதறிட்டு ஓடும். அவளை முதல்ல பிடிச்சுக்கணும்." சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வழக்கமாக விடைபெறும்போது கடைக்கு வரேன் என்பாள். இன்று சொல்லவில்லை. அதை எழில்மொழி வீடு போகும்வரை நினைத்துக்கொண்டே போனாள்.

திங்கட்கிழமை அவள் முறை இல்லை. இருந்தும் எட்டே முக்காலுக்கே மகனை இழுத்துக்கொண்டு பள்ளி வாசலுக்கு வந்துவிட்டாள். அமிர்தலிங்கம் அதற்கு முன்பே வந்து, கையில் சிவப்புத் துணி கட்டிய குச்சியோடு நின்றிருந்தார். நாற்பத்தொரு பிள்ளைகள் இரண்டிரண்டாகக் கைகோத்து வரிசையில் நின்றார்கள். கும்பகோணம் பஸ் ஒன்று போனது. பின்னால் ஒரு லாரி. அது போகும்வரை எழில்மொழி மூச்சுவிடவில்லை.

"வாங்க, வாங்க" என்று அவர் குச்சியை உயர்த்தினார். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. வரிசை கிளம்பியது. பாதி ரோட்டில், பொன்னி மகள் யார் கையையோ உதறினாள். எழில்மொழி ஓடிப்போய் அந்தக் குட்டிக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரமாக, இட்லி வாசனையோடு இருந்தது. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தும் விடவில்லை.

"விடுங்க அத்தை, வலிக்குது" என்றது குழந்தை.